மும்பை லோக்கலில் போன் பறிபோனால்: பூட்டு எதைக் காக்கும், எதைக் காக்காது

வேலைக்காக மும்பைக்கு வந்து சயானிலோ தாராவியிலோ செம்பூரிலோ அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கே லோக்கல் ரயிலில் வாசலோரம் நின்று போன் பார்ப்பவர்களைக் குறிவைத்தே ஒரு கூட்டம் உண்டு. தண்டவாளத்துக்கு அருகே கம்பத்தில் ஏறி நின்றுகொண்டு, ரயில் மெதுவாகும்போது கையில் கம்பால் ஓர் அடி. போன் கீழே விழுந்ததும் எடுத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். ஊர்க்காரர்கள் இவர்களை ஃபட்கா கும்பல் என்பார்கள்.

என் சித்தி மகனுக்குக் குர்லாவுக்கு முன்னால் இப்படித்தான் நடந்தது. ஊரிலிருந்து வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு சிம், போலீஸ், பேங்க் என்று நாங்கள் அலைந்ததில் தெரிந்துகொண்டவற்றை வரிசையாகச் சொல்கிறேன். கடைசி நான்கு பகுதிகள் போன் போன பிறகு பார்ப்பதற்கு. முதல் நான்கையும் இன்றே செய்துவிடுங்கள், போன பிறகு அவற்றைச் செய்ய முடியாது.

1. போன் எந்த நிலையில் திருடுபோகிறது என்பதைப் பாருங்கள்

கடந்த சில ஆண்டுகளில் வாங்கிய எந்த ஆண்ட்ராய்டு போனிலும், எந்த ஐபோனிலும், உள்ளே இருப்பதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவைக்கும் என்க்ரிப்ஷன் கடையிலிருந்து வரும்போதே இருக்கும். ஆண்ட்ராய்டு 10 முதல் புதிதாக வரும் எல்லா போன்களுக்கும் அது கட்டாயம். எனவே தனியாக ஓர் ஆப் போட்டு என்க்ரிப்ட் செய்ய வேண்டியதில்லை. அப்படி ஒன்றை விற்க வந்தால் வாங்காதீர்கள்.

ஆனால் என்க்ரிப்ஷன் இருப்பதும் அது அந்த நேரத்தில் உங்களைக் காப்பதும் ஒன்றல்ல. மூன்று நிலைகள் உண்டு.

முதல் நிலை, போன் அணைந்திருக்கிறது, அல்லது அணைத்து மறுபடி இயக்கிய பிறகு இன்னும் ஒருமுறைகூட பின் நம்பர் போடவில்லை. உள்ளே உள்ள படங்கள், செய்திகள், தொடர்பு எண்கள் எல்லாவற்றையும் திறக்கும் சாவி இந்த நிலையில் போனின் நினைவகத்தில் இல்லவே இல்லை. உங்கள் பின்னும் போனின் சிப்புக்குள் பொதிந்திருக்கும் ரகசியமும் சேர்ந்தால்தான் அந்தச் சாவி உருவாகும். மெமரி சிப்பைக் கழற்றி வேறு கருவியில் மாட்டினாலும் வெறும் குப்பை எழுத்துதான் கிடைக்கும்.

இதை நீங்களே பார்க்கலாம். போனை அணைத்து மறுபடி இயக்கிவிட்டு, பின் போடாமல், நண்பரை விட்டு அழைக்கச் சொல்லுங்கள். மணி அடிக்கும், ஆனால் நண்பரின் பெயர் வராது, வெறும் எண் மட்டும் தெரியும். பெயர்கள் இருக்கும் பெட்டி இன்னும் திறக்கவில்லை என்று அர்த்தம். கைரேகை வைத்தாலும் ஏற்காமல் பின்னைத்தான் கேட்கும்.

இரண்டாவது நிலை, காலையில் ஒருமுறை பின் போட்டுத் திறந்தீர்கள், இப்போது திரை பூட்டியிருக்கிறது. நாள் முழுவதும் நம் போன் இருப்பது இப்படித்தான். சாவி நினைவகத்தில் இருக்கிறது, திரைப் பூட்டு மட்டும் குறுக்கே நிற்கிறது. சாதாரணத் திருடனுக்கு இதுவே போதுமான தடை. விலை உயர்ந்த தடயவியல் கருவி வைத்திருப்பவர்களுக்கு, அதிலும் பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன பழைய போன் என்றால், இதில் ஓட்டை தேட இடமுண்டு.

மூன்றாவது நிலை, திரை திறந்திருக்கும்போதே கையிலிருந்து போவது. இங்கே என்க்ரிப்ஷனால் ஒரு பயனும் இல்லை. ஃபட்கா கும்பல் அடிப்பது இந்த நிலையில்தான், ஏனென்றால் நீங்கள் அப்போது போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆகவே கீழே சொல்வதெல்லாம் ஒரே வேலைதான்: மூன்றாம் நிலையிலிருந்து இரண்டுக்கும், இரண்டிலிருந்து ஒன்றுக்கும் போனை எவ்வளவு சீக்கிரம் தள்ளுவது. திருடன் போனை அணைத்துவிட்டான் என்று பலர் தலையில் கைவைத்து உட்கார்வார்கள். போன் இருக்குமிடம் இனிப் பெரும்பாலும் தெரியாது, அது உண்மைதான். ஆனால் உள்ளே இருப்பவற்றுக்கு அவனே முதல் நிலைப் பாதுகாப்பைக் கொடுத்துவிட்டான்.

2. பின் நம்பரை இன்றே மாற்றுங்கள்

செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதிக்குப் போனால் என்க்ரிப்ஷன் என்ற வரியில் Encrypted என்று காட்டும். கணினியோடு இணைத்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் இப்படியும் கேட்கலாம்:

```
adb shell getprop ro.crypto.state
adb shell getprop ro.crypto.type
```

encrypted, file என்று பதில் வந்தால் சரி. ஆனால் இதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். திரைப் பூட்டே போடாத போனும், சும்மா விரலால் இழுத்தால் திறக்கும் போனும்கூட Encrypted என்றுதான் காட்டும். பின் இல்லாவிட்டால் அந்தச் சாவியை யார் வேண்டுமானாலும் உருவாக்கலாம், போனே தானாகத் திறந்து கொடுத்துவிடும்.

பின் ஆறு இலக்கமாக இருக்கட்டும். நான்கு இலக்கத்தில் பத்தாயிரம் வாய்ப்புகள், ஆறில் பத்து லட்சம். தவறாகப் போடப் போட போன் காத்திருக்கச் சொல்லும் நேரம் கூடிக்கொண்டே போகும், சாவி அந்த சிப்புக்குள்ளேயே உருவாக வேண்டியிருப்பதால் முயற்சியை வேறு வேகமான கணினிக்குக் கொண்டுபோகவும் முடியாது. ஆகையால் பத்து லட்சம் என்பது நடைமுறையில் தாராளம். ஆனால் பிறந்த தேதி, 123456, வண்டி எண் என்று வைத்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண். யுபிஐ பின்னும் போன் பின்னும் ஒன்றாக இருக்கவே கூடாது.

பேட்டர்ன் வேண்டாம் என்பது என் கருத்து. பிதுங்கி வழியும் ரயிலில் பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கு ஒன்பது புள்ளிக் கோலம் ஒரே பார்வையில் பதிந்துவிடும். கைரேகை நல்லதுதான், சொல்லப்போனால் கூட்டத்தில் அதுதான் சிறந்தது, யாரும் எட்டிப் பார்க்க முடியாது. கைரேகை இருப்பதால் பின்னை எப்போதாவதுதான் போடுவீர்கள் என்பதால் பின் நீளமாக இருப்பதும் தொந்தரவாகத் தெரியாது.

இன்னும் இரண்டு செட்டிங். திரை அணைந்தவுடனே பூட்டிக்கொள்ளும்படி வையுங்கள், பத்து நிமிடம் கழித்து என்று வைத்திருக்கும் ஆட்கள் நிறைய. அடுத்து, Extend Unlock அல்லது Smart Lock என்ற பெயரில் ஒரு வசதி இருக்கும். அதில் On-body detection என்பதை அணைத்துவிடுங்கள். போன் யார் உடம்போடாவது நகர்ந்துகொண்டிருக்கும் வரை அது பூட்டாமல் திறந்தே வைத்திருக்கும். அது உங்கள் உடம்பா திருடன் உடம்பா என்று அதற்கு உறுதியாகத் தெரியாது. ஓடுகிறவன் கையில் போன் திறந்தபடியே இருப்பதற்கு இது ஒன்று போதும்.

3. பூட்டுக்கு வெளியே கிடப்பவை

எங்களுக்கு வேர்க்க வைத்தது இந்தப் பகுதிதான். என்க்ரிப்ஷன் காப்பது போனின் உள் சேமிப்பை மட்டும்.

முதலாவது சிம். திருடன் போனைத் திறக்கவே வேண்டாம். சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் உங்கள் ஓடிபி எல்லாம் அங்கே வரும். யுபிஐ ஆப்பைப் புதிய போனில் பதிய அந்த சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போனால் போதும், எந்தெந்த வங்கியில் கணக்கு இருக்கிறது என்றும் காட்டிவிடும். பணம் எடுக்க யுபிஐ பின் வேண்டும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பின்னைப் புதிதாக வைக்க டெபிட் கார்டு விவரமோ, ஆதார் எண்ணும் ஓடிபியுமோ இருந்தால் போதும். போன் உறைக்குள் டெபிட் கார்டையோ ஆதார் நகலையோ செருகி வைக்கும் பழக்கம் நம் பையன்களிடம் நிறைய உண்டு. போன், சிம், கார்டு மூன்றையும் ஒரே கையில் கொடுத்தது மாதிரி.

இதற்கு மருந்து சிம் பின். செட்டிங்ஸ் தேடலில் SIM lock என்று போட்டால் வரும். இதைப் போட்டுவிட்டால் சிம்மை எந்தப் போனில் மாற்றினாலும் அந்தப் பின்னைக் கேட்கும். ஒரு எச்சரிக்கை: முதன்முதலில் இயக்கும்போது நிறுவனம் வைத்திருக்கும் பழைய பின்னைக் கேட்கும். அதை ஊகித்துப் போடாதீர்கள், வாடிக்கையாளர் சேவையில் கேட்டுவிட்டுப் போடுங்கள். மூன்று முறை தப்பானால் சிம் பூட்டிக்கொண்டு, அதைத் திறக்கும் பியூகே எண்ணைக் கேட்கும். அதையும் பத்து முறை தப்பாகப் போட்டால் சிம் செத்துவிடும், புதிது வாங்க வேண்டும்.

சிம் பின்னில் ஒரு சங்கடமும் உண்டு. இரவில் அப்டேட்டுக்காக போன் தானாக அணைந்து எழுந்தால், காலையில் நீங்கள் பின் போடும் வரை அழைப்பு எதுவும் வராது. அதேபோல, திருடன் போனை அணைத்து மறுபடி இயக்கினால் மொபைல் டேட்டா எழும்பாது, நீங்கள் அனுப்பும் தொலைப் பூட்டுக் கட்டளையும் போய்ச் சேராது. இருந்தாலும் நான் சிம் பின் பக்கம்தான். அணைந்து எழுந்த போன் எப்படியும் முதல் நிலையில் பூட்டிக் கிடக்கிறது, ஓடிபி போவதுதான் பெரிய அபாயம். இ-சிம் வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதிக் கவலை இல்லை, அதைக் கழற்ற முடியாது.

இரண்டாவது மெமரி கார்டு. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் கூடுதலாகப் போடும் கார்டு என்க்ரிப்ட் ஆவதில்லை. ஐம்பது ரூபாய் கார்டு ரீடரில் செருகினால் எல்லாப் படமும் திறக்கும். கேமரா ஆப்பின் செட்டிங்ஸில் படம் சேமிக்கும் இடம் கார்டு என்று இருந்தால் போனுக்கு மாற்றுங்கள். கார்டில் பாட்டும் படமும் இருக்கட்டும், ஆதாரும் பான் கார்டும் குடும்பப் படமும் வேண்டாம்.

மூன்றாவது, பூட்டிய திரையில் தெரியும் அறிவிப்புகள். ஓடிபி எழுத்தெழுத்தாக அங்கேயே தெரிந்தால் பூட்டு எதற்கு? அறிவிப்பு செட்டிங்ஸில் பூட்டுத் திரையில் உள்ளடக்கத்தை மறைக்கும்படி வையுங்கள்.

4. திருட்டுப் பாதுகாப்பு வசதிகளும் வீட்டில் வைக்க வேண்டிய தாளும்

ஆண்ட்ராய்டு 10-க்கு மேல் உள்ள பெரும்பாலான போன்களில் கூகுள் Theft protection என்று ஒரு பகுதி கொடுத்திருக்கிறது. செட்டிங்ஸ் தேடலில் அந்தப் பெயரைப் போட்டாலே வரும். உள்ளே மூன்று சுவிட்சுகள் முக்கியம். Theft Detection Lock, போன் கையிலிருந்து வெடுக்கென்று பறிக்கப்பட்டு ஓட்டமோ வண்டி வேகமோ தொடர்ந்தால் அந்த அசைவை வைத்துத் தானாகப் பூட்டும். எல்லாப் பறிப்பையும் அது கண்டுபிடிக்காது, கீழே விழுந்து யாரோ பொறுக்கிக்கொண்டு நடந்தால் அதற்குத் தெரிய வாய்ப்பு குறைவு. Offline Device Lock, போன் இணையத்திலிருந்து துண்டிக்கப்பட்ட நிலையில் இருந்தால் பூட்டும். Remote Lock, வேறு யார் போனிலிருந்தாவது `android.com/lock` பக்கத்தில் உங்கள் மொபைல் எண்ணை மட்டும் கொடுத்துப் பூட்ட உதவும். பதற்றத்தில் ஜிமெயில் பாஸ்வேர்டு யாருக்கு நினைவிருக்கும்? எண் நினைவிருக்கும். எனவே இந்த மூன்றாவதை மட்டும் மறக்கவே மறக்காதீர்கள்.

ஐபோன்காரர்களுக்கு: தொலைந்த போனைத் தேட உதவும் Find My இயங்குகிறதா பாருங்கள். Stolen Device Protection-ஐ இயக்குங்கள், ஐஓஎஸ் 17.3 முதல் இருக்கிறது. யாராவது உங்கள் பின்னை எட்டிப் பார்த்துவிட்டுப் போனைப் பறித்தாலும், வீடு, அலுவலகம் போன்ற வழக்கமான இடங்களுக்கு வெளியே ஆப்பிள் பாஸ்வேர்டை மாற்ற முகமோ கைரேகையோ கேட்கும், அதன் பிறகும் ஒரு மணி நேரம் காக்க வைக்கும். பூட்டிய திரையில் கன்ட்ரோல் சென்டர் திறக்காதபடியும் வையுங்கள், அதை வைத்துத்தான் ஏரோபிளேன் மோடு போடுவார்கள்.

அடுத்து ஒரு தாள். அறையில், போனோடு சேராத இடத்தில், இவற்றை எழுதி வையுங்கள்: போனை அடையாளம் காட்டும் ஐஎம்இஐ எண்கள் (`*#06#` அழுத்தினால் வரும், இரண்டு சிம் போனில் இரண்டு எண்), கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கின் முகவரி, வங்கியின் அவசர எண், வீட்டிலுள்ள இருவரின் போன் எண். போன் வாங்கிய பில்லின் படத்தை மெயிலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள்.

கூகுள் கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பு போட்டிருந்தால் ஒரு பொறி இருக்கிறது. வேறு போனில் நுழைய முயன்றால் ‘உங்கள் போனில் ஆம் என்று அழுத்துங்கள்’ என்று வரும். அந்தப் போன்தான் இல்லையே! கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் Backup codes எடுத்தால் எட்டு இலக்க எண்கள் பத்து கிடைக்கும், ஒவ்வொன்றும் ஒருமுறை செல்லும். இரண்டை அந்தத் தாளில் எழுதுங்கள்.

5. போன் போன முதல் அரை மணி

எல்லோரும் முதலில் சிம்மை முடக்கத்தான் ஓடுகிறார்கள். அவசரப்படாதீர்கள், அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. போன் இணையத்தில் இருப்பது பெரும்பாலும் அந்த சிம்மின் டேட்டாவால்தான். சிம்மை முடக்கிய நொடியே நீங்கள் அனுப்பும் பூட்டுக் கட்டளை போய்ச்சேரும் வழியும் அடைபடும். முதலில் பூட்டு, உடனே சிம், பிறகு பேங்க். மொத்தமும் பத்து நிமிட வேலைதான்.

தம்பி விஷயத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வீடியோ ஓடிக்கொண்டிருந்த போன், திறந்த நிலையிலேயே போயிற்று. குர்லாவில் இறங்கி, கூட வந்த பையனின் போனிலிருந்து எனக்கு அடித்தான். “அண்ணே, போன் போச்சு, ஜிபே எல்லாம் திறந்தே இருக்கு” என்றான். “ஜிபேயை அப்புறம் பார்க்கலாம், அந்தப் பையன் போனில் android.com/lock திற, உன் நம்பரைப் போடு” என்றேன். போட்டான், பூட்டியாயிற்று என்று பக்கம் காட்டியது. போன் இன்னும் இணையத்தில் இருந்ததால்தான் அது நடந்தது.

அதன் பிறகு கூகுளின் Find Hub பக்கத்தில் நுழைந்து பார்த்தோம். குர்லா பக்கத்தில் ஒரு புள்ளி, கொஞ்ச நேரத்தில் அதுவும் நகராமல் நின்றுவிட்டது. அணைத்துவிட்டார்கள். ஆக, மூன்றாம் நிலையில் போன போன் இரண்டுக்கு வந்து, கடைசியில் முதல் நிலையிலேயே போய் நின்றது. அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு நேரே போய் யாரையும் மடக்க நினைக்காதீர்கள். நெரிசலான சந்துகளில் அது எந்த மாடி என்று சொல்லாது.

பிறகு சிம். அதே நிறுவனத்தின் சிம் உள்ள யாருடைய போனிலிருந்தும் 198 அடித்தால் வாடிக்கையாளர் சேவை கிடைக்கும். எண்ணைத் தற்காலிகமாக முடக்கச் சொல்லுங்கள், சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவரது விவரத்தைக் கேட்பார்கள். அதன்பின் வங்கி: யுபிஐ, மொபைல் பேங்கிங் இரண்டையும் நிறுத்தச் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அடியுங்கள், அதில் நிமிடங்கள்கூடக் கணக்கு.

முழுவதும் அழித்துவிடலாமா என்ற கேள்வி வரும். பூட்டு விழுந்தது உறுதி, பின்னும் ஆறு இலக்கம் என்றால் அவசரமில்லை. ஆண்ட்ராய்டு போனை அழித்துவிட்டால் அதன் பிறகு இருக்குமிடம் பார்க்க முடியாது. திறந்த நிலையில் போய், பூட்டுக் கட்டளை சேர்ந்ததா என்று தெரியவில்லை என்றால் யோசிக்காமல் அழிக்கக் கட்டளை கொடுங்கள். போன் எப்போது இணையத்துக்கு வருகிறதோ அப்போது அது நடக்கும். படம் படமாக அழிக்காது, என்க்ரிப்ஷன் சாவியை அழித்துவிடும், அதனால் நொடிகளில் முடிந்துவிடும். மெமரி கார்டு மட்டும் அழிந்துவிட்டதாக எண்ணிக்கொள்ள வேண்டாம்.

ஐபோனில் `icloud.com/find` பக்கம், ஆப்பிள் பாஸ்வேர்டு போதும், சரிபார்ப்பு எண் கேட்காமலே உள்ளே விடும். அங்கே லாஸ்ட் மோடை இயக்கினால் போன் பூட்டிக்கொள்ளும்.

6. போலீஸ் புகார்

ரயிலிலோ நிலையத்திலோ நடந்தால் ரயில்வே போலீஸ், அதாவது ஜிஆர்பி. குர்லா, தாதர் போன்ற பெரிய நிலையங்களில் அவர்களின் காவல் நிலையம் இருக்கிறது, உதவி எண் 1512. தெருவில் நடந்தால் அந்தப் பகுதி மும்பை போலீஸ். ‘இது எங்கள் எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்பினால், எல்லை எதுவானாலும் எஃப்ஐஆர் பதியலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ், பிரிவு 173-இல் இருப்பதை மரியாதையாகச் சொல்லுங்கள். ஜீரோ எஃப்ஐஆர் என்றால் புரிந்துகொள்வார்கள்.

கொண்டுபோக வேண்டியவை: ஆதார் அல்லது வேறு அடையாள அட்டை, போன் பில், ஐஎம்இஐ எண்கள், அன்றைய ரயில் டிக்கெட் அல்லது பாஸ். பில் இல்லாவிட்டால் போன் பெட்டியில் ஒட்டியிருக்கும் ஐஎம்இஐ ஸ்டிக்கர்.

இங்கே ஒரு பொறி. பறித்துக்கொண்டு போனதை ‘தொலைந்துவிட்டது’ என்று எழுதிக் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும் என்பார்கள். காப்பீடு இருந்தால் அந்தத் தாள் பெரும்பாலும் உதவாது, எஃப்ஐஆர்தான் கேட்பார்கள். எழுதுவது மராத்தியில். படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். கையெழுத்துப் போடும் முன் ஐஎம்இஐயின் பதினைந்து இலக்கத்தையும் விரல் வைத்துச் சரிபாருங்கள். ஓர் எண் மாறினாலும் அடுத்த படி நின்றுவிடும். எஃப்ஐஆர் நகல் இலவசம், புகார் கொடுத்தவருக்குத் தர வேண்டும் என்பது சட்டம்.

7. புது சிம், அப்புறம் ஐஎம்இஐ முடக்கம்

ஐஎம்இஐயை முடக்குவது மத்திய அரசின் சிஇஐஆர் தளத்தில், முகவரி `ceir.gov.in`. சஞ்சார் சாத்தி தளம் வழியாகவும் போகலாம். கட்டணம் கிடையாது. கேட்பவை: புகார் நகல், புகார் எண், பில், அடையாள அட்டை, தொலைந்த இடமும் தேதியும், ஓடிபி வர ஒரு மொபைல் எண். அந்த எண், தொலைந்த எண்ணுக்கு எடுத்த மாற்று சிம்மாக இருப்பது நல்லது.

நேரம் இங்கேதான் இழுக்கும். மாற்று சிம் உயிர் பெற்ற பிறகு 24 மணி நேரம் அதில் எஸ்எம்எஸ் வராது. சிம்மைக் களவாடி மோசடி செய்பவர்களைத் தடுக்க வைத்த விதி அது. ஆகவே ஓடிபி வரவில்லை என்று மறுபடி மறுபடி அழுத்தாதீர்கள், மறுநாள் பாருங்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு இன்னொரு முட்டுக்கட்டை. தம்பியின் சிம் தமிழ்நாட்டு வட்டத்தைச் சேர்ந்தது, அதுவும் சித்தப்பா பெயரில் இருந்தது. இங்கே கடையில் மாற்றித் தர மாட்டேன் என்றார்கள். சித்தப்பாவே ஊரில் ஆதாரோடு கடைக்குப் போய், கைரேகை வைத்து, சிறு கட்டணம் கட்டி மாற்று சிம் வாங்கினார். அதைக் கூரியரில் போட்டு வரும் வரை காத்திருக்கவில்லை. அவர் போனிலேயே செருகி வைத்துக்கொண்டார். மறுநாள் இங்கே நாங்கள் சிஇஐஆர் படிவத்தை நிரப்பிவிட்டு அவரை அழைத்தோம், வந்த ஓடிபியை அவர் படித்துச் சொன்னார், முடிந்தது. சிம் நிதானமாகக் கூரியரில் வந்தது. மும்பைக்கு வரும் முன்பே சிம்மை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டால் இந்தச் சுற்று பாதியாகக் குறையும்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டால் 24 மணி நேரத்தில் முடங்கும் என்கிறது தளம். கிடைக்கும் கோரிக்கை எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். ஐஎம்இஐ முடக்கம் இந்திய மொபைல் நெட்வொர்க்கில் போனை வேலை செய்யவிடாது, அவ்வளவுதான். வைஃபையில் போன் ஓடும். உள்ளே உள்ள படத்தையும் செய்தியையும் காப்பது அதன் வேலை இல்லை, அது பின்னும் என்க்ரிப்ஷனும் செய்த வேலை. மொபைல் டேட்டா வழியாகக் கட்டளை போகும் வாய்ப்பும் இதோடு முடிவதால் அழிப்புக் கட்டளையை இதற்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது.

8. அதன் பிறகு வரும் எஸ்எம்எஸ்

மாற்று சிம் போட்ட சில நாட்களில் ‘உங்கள் போன் கிடைத்துவிட்டது, இருக்குமிடம் பார்க்க இங்கே அழுத்துங்கள்’ என்று செய்தி வரலாம், ஐபோன் தொலைத்தவர்களுக்கு அதிகம். திருடனால் போனைத் திறக்க முடியவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. பூட்டிய போனை அழித்துப் புதிதாக்கினாலும், பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு அது நிற்கும். அந்தப் பாஸ்வேர்டை உங்களிடமே வாங்கத்தான் இந்தத் தூண்டில். சிலர் சேவை மையத்திலிருந்து பேசுவது போலப் பேசி, பின்னைக் கேட்பார்கள், அல்லது கணக்கிலிருந்து அந்தப் போனை நீக்கினால்தான் தேட முடியும் என்பார்கள். ஐபோனைக் கணக்கிலிருந்து நீக்கினால் அந்தப் பூட்டே கழன்றுவிடும். லாஸ்ட் மோடில் வைத்து அப்படியே விட்டுவிடுங்கள், பட்டியலில் பழைய போன் கிடந்தால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

ஐபோனில் ஐஓஎஸ் 18.1 முதலும், ஆண்ட்ராய்டில் 2025-இல் வந்த கூகுள் அப்டேட் முதலும், மூன்று நாள் திறக்கப்படாமல் கிடக்கும் போன் தானாக அணைந்து எழுந்துகொள்ளும், அதாவது முதல் நிலைக்குப் போய்விடும். போனை அணைக்காமல் சார்ஜில் போட்டு வைத்திருப்பவனுக்கும் இது பொருந்தும்.

போன் போலீஸ் மூலம் திரும்பக் கிடைத்தால் முதலில் முழுவதும் அழித்து, பழைய கணக்கில் நுழைந்து, எல்லா அப்டேட்டும் போட்டு, அதன் பிறகு சிஇஐஆர் தளத்தில் கோரிக்கை எண்ணைக் கொடுத்து முடக்கத்தை நீக்குங்கள். நீக்காமல் சிம் போட்டுவிட்டு, சிக்னல் வரவில்லை, போன் கெட்டுவிட்டது என்று ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். அப்படியே போக வேண்டி வந்தாலும், ‘பின் நம்பர் சொல்லிட்டுப் போங்க’ என்று கேட்கும் கடையில் போனை அழித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.